கூட்ட அறை டிவியில் டீச்சரின் முகம்

"கீழ டிவியில டீச்சர் ஏன் இப்படிக் கறுத்துப்போயிருக்காங்க?" என்று தலைவர் கேட்டபோது நான் தோள்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. காலை பத்து மணி. படிக்கட்டு ஏறி வந்த மூச்சு அடங்குவதற்குள் புகார்.

தலைவர் என்றால் எங்கள் நிறுவனத்தின் நிகழ்ச்சிப் பிரிவுத் தலைவர். நான் அங்கே படங்களின் நிறத்தைச் சரிசெய்கிறவள். ஒரே காட்சியை மூன்று கேமராவில் எடுத்திருப்பார்கள்; ஒன்றில் சுவர் மஞ்சளடித்திருக்கும், இன்னொன்றில் நீலமோடியிருக்கும்; அதையெல்லாம் ஒரே வீட்டுச் சுவராக்குவது என் வேலை. முகத்துக்கு நேரே என்னை 'கலர் மேடம்' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'மிளகாய்'. இரண்டுமே பொருத்தம்தான், நான் மறுக்கவில்லை.

டீச்சர் உண்மையிலேயே டீச்சர். பள்ளிக்கூடத்தில் பதினாறு வருஷமாக அறிவியல் சொல்லிக் கொடுக்கிறவர். பிள்ளைகளுக்கான எங்கள் அறிவியல் தொடரை அவர்தான் நடத்துகிறார். வெள்ளைக் கோட்டு, பின்னால் கரும்பலகை, கையில் ஒரு சாக்பீஸ் துண்டு. அவர் பேச ஆரம்பித்தால் நான் வேலையை மறந்து பாடம் கேட்டுக்கொண்டிருப்பேன். கருநிறம் அவருக்கு. நல்ல அடர்த்தியான, உள்ளே சிவப்பு ஓடுகிற கருமை. வெளிச்சம் கன்னத்தில் பட்டால் எண்ணெய் தேய்த்துத் துடைத்த மரம் மாதிரி மினுங்கும். அந்த மினுக்கம் கெடாமல் இருக்க முதல் பாகத்தில் மட்டும் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன்.

"கறுத்துப்போகல சார். அவங்க நிறமே அதுதான்."

"என் ரூம்ல நல்லாத்தானே தெரியறாங்க? பளிச்சுனு, பதமா. கீழ ரிசப்ஷன்ல பாத்தா வேற ஆள் மாதிரி இருக்கு. வெள்ளிக்கிழமை ஒளிபரப்பு. வாங்க, நீங்களே வந்து பாருங்க."

என் ரூம் என்று அவர் சொன்னது மூன்றாம் மாடிக் கூட்ட அறையை. ஒரு சுவர் முழுக்க டிவி. அதன் முதுகில் உள்ளங்கை அளவு பிளேயர் பெட்டி ஒன்றை இருபக்கமும் ஒட்டும் நாடாவால் ஒட்டியிருப்பார்கள். தொடரின் நான்கு பாகங்களையும் அவர் பார்த்து 'சரி' சொன்னது அந்த டிவியில்தான்.

போய்ப் பார்த்தேன்.

கரும்பலகை சாம்பல் பலகையாக இருந்தது. வெள்ளைக் கோட்டு நாலு நாள் துவைக்காத கோட்டாக இருந்தது. டீச்சரின் முகத்தில் யாரோ திருநீற்றைக் குழைத்துத் தடவிவிட்ட மாதிரி இருந்தது. சிவப்பும் இல்லை, மினுக்கமும் இல்லை. காய்ச்சலில் பத்து நாள் கிடந்து எழுந்தவர் மாதிரி நின்று, ஒளி எப்படி வளைகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா? எவ்வளவு நல்லா இருக்காங்க" என்றார் தலைவர்.

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்கள் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சம்பளம் வாங்கிக்கொண்டு நம்புகிறவரை அன்றுதான் நேரில் பார்த்தேன்.

"சார், இது தப்பு. அந்தப் போர்டைப் பாருங்க. கறுப்பாவா இருக்கு? அந்தக் கோட்டு வெள்ளையாவா இருக்கு? எல்லாமே வெளிறிப்போயிருக்கு. முகம் மட்டும் தனியா அழகாகல."

"எனக்குப் பாடம் எடுக்காதீங்கம்மா. போர்டையா பாக்கறாங்க ஜனங்க? முகத்தைத்தான் பாக்கறாங்க. இங்க இருக்கற மாதிரியே எல்லா இடத்துலயும் வரணும். வெள்ளிக்கிழமைக்குள்ள முடியலைன்னா சொல்லுங்க, அடுத்த கட்டத்துக்கு வேற முகம் பாத்துக்கலாம். ரெண்டு பொண்ணுங்க ஏற்கெனவே டெஸ்ட் குடுத்திருக்காங்க."

அதை அவர் தண்ணீர் குடிக்கிற சாவகாசத்தில் சொன்னார். பதினாறு வருஷப் பாடம், நாலு பாகத்தின் உழைப்பு, ஒரு பெண் தன் வகுப்பறையிலிருந்து கேமரா முன்னால் வந்து நிற்க எடுத்துக்கொண்ட தைரியம், எல்லாவற்றையும் ஒரு பிளேயர் பெட்டி தீர்மானிக்கும் என்கிறார். நான் வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று தோன்றியதால் படியிறங்கி வந்துவிட்டேன்.

இறங்கி வரும் வழியில் டீச்சரே எதிரில் வந்தார். அன்று அவருக்குப் பின்னணிக் குரல் பதிவு. என்னைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் ஒதுங்கி நடந்தார். இரண்டு வாரமாகவே இப்படித்தான். முன்பெல்லாம் என் அறைக்கு வந்து உட்கார்ந்து பேசுகிறவர்.

"டீச்சர், என்மேல ஏதாவது கோவமா?"

நின்றார். பிறகு வகுப்பில் கடைசி பெஞ்சைக் கேட்கிற குரலில் கேட்டார். "நம்ம மொபைல் ஆப்ல டிரெய்லர் போட்டாங்களே, நீங்க பாத்தீங்களா?"

"ரெடி பண்ணிக் குடுத்ததே நான்தானே."

"என் கிளாஸ் பிள்ளைங்க பாத்துட்டு, மிஸ் ஏன் மிஸ் மூஞ்சி முழுக்க பவுடர் அப்பியிருக்கீங்கன்னு கேக்குதுங்க. நான் பவுடரே போடறதில்லை. இந்த நிகழ்ச்சிக்கு வரும்போதே ஒண்ணு சொன்னேன். என்னை வெளுக்கறதா இருந்தா நான் வரலைன்னு சொன்னேன். உங்ககிட்டதான் சொன்னேன்."

உண்மைதான். என்னிடம்தான் சொன்னார். நானும் சரி என்று கையைப் பிடித்துச் சொன்னேன்.

"டீச்சர், நான் வெளுக்கலை. சத்தியமா."

"பிள்ளைங்க பொய் சொல்லாதுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மேலே ஒருவர் ஏன் கறுப்பாக்கினாய் என்கிறார். கீழே ஒருவர் ஏன் வெளுப்பாக்கினாய் என்கிறார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பெட்டியைப் பிடுங்கி மாடியிலிருந்து எறிந்திருப்பேன். எறியாததற்குக் காரணம், அதுதான் குற்றவாளி என்பதற்கு எனக்குச் சாட்சி வேண்டியிருந்தது.

தலைவர் சாப்பிடப் போன நேரம் பார்த்துக் கூட்ட அறைக்குப் போனேன். கேபிளை மாற்றினேன். மாறவில்லை. டிவியின் அமைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக இருந்தது. பிறகு என் பென்டிரைவில் எப்போதும் வைத்திருக்கும் சோதனைப் படத்தை அதே பெட்டியில் ஓட்டினேன். கறுப்பிலிருந்து வெள்ளை வரை படிப்படியாக ஏறும் பட்டைகள் அதில் இருக்கும். பெட்டி பொய் சொல்கிறது என்றால் இதிலும் கறுப்பு வெளிறித்தான் தெரிய வேண்டும்.

கறுப்பு கறுப்பாக இருந்தது. வெள்ளை வெள்ளையாக இருந்தது. பெட்டி யோக்கியமாக நடந்துகொண்டது.

அப்போதுதான் டீச்சர் சொன்னது உறைத்தது. ஆப்பிலும் வெளிறியிருக்கிறது. ஆப்புக்கும் இந்தப் பெட்டிக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது என் அறையிலிருந்து போன ஃபைல் மட்டுமே.

சோதனை அறைக்கு ஓடினேன். வெளியே போகும் ஒவ்வொரு ஃபைலும் நல்லபடியாக இருக்கிறதா என்று பார்ப்பவர் அங்கே இருப்பார். எல்லோருக்கும் அண்ணா. பேசவே மாட்டார், பேசினால் ஒரே வாக்கியம்தான்.

"அண்ணா, முதல் பாகத்தோட குறிப்பைத் திறங்க."

திறந்தார். ஃபைலின் அளவு, நொடிக்கு எத்தனை படம் என்று வரிசையாக வந்தது. பிக்சல் ஃபார்மட் என்ற வரிக்கு வந்ததும் அண்ணா விரலை நிறுத்தினார். அதற்குக் கீழே கலர் ரேஞ்ச், அதாவது நிற வீச்சு. முழு வீச்சு என்று எழுதியிருந்தது.

"நாம முழு வீச்சு அனுப்பறதில்லையே" என்றார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், இல்லாவிட்டால் என் தப்பு எவ்வளவு பெரியது என்று தெரியாது. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் எவ்வளவு வெளிச்சம் என்று ஒரு எண் உண்டு. கணினியில் பார்க்கும் புகைப்படங்களில் சுத்தக் கறுப்பு என்றால் பூஜ்ஜியம், சுத்த வெள்ளை என்றால் இருநூற்றைம்பத்தைந்து. இது முழு வீச்சு. டிவிக்காகச் செய்யும் வீடியோவில் அப்படியல்ல. அங்கே பதினாறில் கறுப்பு தொடங்கும், இருநூற்று முப்பத்தைந்தில் வெள்ளை முடியும். இது குறுகிய வீச்சு. பிளேயரின் வேலை, குறுகிய வீச்சில் வந்ததை இழுத்து விரித்துத் திரைக்குப் பொருத்துவது. ஃபைலில் 'இது ஏற்கெனவே முழு வீச்சு' என்று எழுதியிருந்தால் பிளேயர் விரிக்காது. வந்த எண்ணை வந்தபடியே காட்டும். உள்ளே இருப்பது உண்மையில் குறுகிய வீச்சாக இருந்துவிட்டால் பதினாறு பதினாறாகவே நின்றுவிடும். அது கறுப்பல்ல, சாம்பல். மேலே வெள்ளையும் எட்டாமல் அழுக்காக நிற்கும். நிறங்களும் அதே போல விரியாமல் சோகை பிடித்துப் போகும். இருட்டுப் பக்கம் இருப்பதெல்லாம் வெளிறும், வெளிச்சப் பக்கம் இருப்பதெல்லாம் மங்கும்.

"உள்ள என்ன இருக்குன்னு பாருங்கண்ணா" என்றேன். படம் தொடங்குவதற்கு முன் ஒரு நொடி வெறும் கறுப்பு வரும். அந்தக் கறுப்பின் எண்ணை அளந்து பார்த்தார்.

பதினாறு.

எண்கள் குறுகிய வீச்சு. மேலே சீட்டு மாதிரி ஒட்டிய அந்தக் குறிப்பு மட்டும் முழு வீச்சு. கீழே ரிசப்ஷன் டிவிக்குப் போகும் ஒளிபரப்புக் கருவி சீட்டைப் படிப்பதே கிடையாது. எது வந்தாலும் குறுகிய வீச்சு என்றே வைத்துக்கொண்டு விரிக்கும். அதனால் அதில் டீச்சர் டீச்சராகத் தெரிந்தார். அண்ணாவின் சோதனைக் கருவியும் அதே ரகம். ஆப்புக்கு ஏற்றும்போது மாற்றுகிற நிரலும், கூட்ட அறைப் பெட்டியும் மட்டும் சீட்டைப் படித்தன. படித்ததை நம்பின.

"சீட்டு எழுதினது யாரு?" என்று அண்ணா கேட்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். அது போதுமானதாக இருந்தது.

போன வருஷம் ஒரு புகைப்படக் கண்காட்சிக்கு, படங்களை வரிசையாக ஓட்டுகிற வீடியோ செய்து கொடுத்தேன். அதற்காக, முடிந்த படத்தை ஃபைலாக வெளியே எடுக்கும் ஏற்றுமதி அமைப்பில் 'முழு வீச்சு' என்று ஒரு வரி சேர்த்தேன். இந்தத் தொடர் வந்ததும் அந்த அமைப்பையே நகல் எடுத்துப் பெயரை மாற்றினேன், அளவை மாற்றினேன், அந்த வரியை எடுக்க மறந்தேன். அந்த வரி எண்களை மாற்றாது. சீட்டை மட்டும் ஒட்டும். அன்று புகைப்படங்களின் எண்கள் முழு வீச்சிலேயே இருந்ததால் சீட்டு மெய்யாக இருந்தது, இன்று பொய்யாகிவிட்டது.

ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழனிப்பானையில் விழுமாம் துள்ளி. மூன்று மாடி ஏறி இறங்கி, பெட்டி சரியில்லை, தலைவர் சரியில்லை என்று பொரிந்து தள்ளினவள் நான்தான். டீச்சரின் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தவளும் நான்தான். என் முகத்திலேயே இரண்டு அறை விட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

வீட்டுக்குப் போனதும் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். வித்தியாசம் புரியட்டும் என்று இரண்டு படத்தையும் போனில் காட்டினேன்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது" என்றார்.

"உங்களுக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரியும். பச்சைச் சட்டையை நீலம்னு சொல்லிப் பத்து வருஷமா போட்டுக்கறவர்தானே நீங்க."

"அது நீலம்தான்" என்றார். பிறகு வெளிறிய படத்தை இரண்டாவது முறை பார்த்தார். "இதுல அந்தம்மா உங்க வீட்டு போட்டோல இருக்கற உன்னை மாதிரி இருக்காங்க."

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அம்மா வீட்டுச் சுவரில் அக்காவின் கல்யாணப் படம் மாட்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் நான் மட்டும்தான் கறுப்பு. போட்டோக்காரர் யாரும் கேட்காமலே என்னை மட்டும் வெளுத்துக் கொடுத்தார். அம்மாவுக்கு ஏக சந்தோஷம். இருபது வருஷமாக அந்தப் படத்தில் என் சேலையைக் கட்டிக்கொண்டு யாரோ ஒருத்தி நிற்கிறாள். நான் நிறம் சரிசெய்கிற வேலைக்கு வந்ததே அவளைப் பார்த்த எரிச்சலில்தான் என்று கல்யாணமான புதிதில் இவரிடம் சொல்லியிருக்கிறேன். மறக்கவில்லை மனுஷர்.

மறுநாள் காலையில் முதல் வேலையாகச் சரிசெய்ய உட்கார்ந்தேன். இரண்டு வழி இருந்தது. சீட்டு முழு வீச்சு என்கிறதே, அதற்கேற்ப எண்களை விரித்துவிடலாம். கூட்ட அறையில் சரியாகிவிடும். ஆனால் சீட்டைப் படிக்காத கருவிகள் விரித்ததையே மறுபடி விரிக்கும், டீச்சரின் கண்ணும் புருவமும் ஒரே இருட்டாகிவிடும். அது வழியல்ல. எண்கள் சரி, சீட்டுதான் தப்பு. ஆகவே சீட்டை மாற்ற வேண்டும். படத்தின் ஒரு புள்ளியைக்கூடத் தொட வேண்டியதில்லை, மறுபடி ஏற்றுமதியும் வேண்டாம்.

முதல் தடவை மாற்றிப் பார்த்தேன். கூட்ட அறையில் அப்படியே வெளிறியிருந்தது. அந்தக் குறிப்பு இரண்டு இடத்தில் இருக்கும்: ஃபைலின் வெளி உறையில் ஒன்று, உள்ளே வீடியோ ஓட்டத்திலேயே ஒன்று. நான் உறையை மட்டும் மாற்றியிருந்தேன், பெட்டி உள்ளே படித்திருக்கிறது. இரண்டையும் மாற்றினேன். ஒரு பாகத்துக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கூட்ட அறை, ரிசப்ஷன், அண்ணாவின் அறை, என் மானிட்டர், ஆப்பின் சோதனைப் பக்கம், ஐந்து இடத்திலும் ஒரே டீச்சர். கரும்பலகை கறுத்தது. கோட்டு வெளுத்தது.

அன்றும் குரல் பதிவு முடித்து வந்த டீச்சரைப் பிடித்து நடந்ததைச் சொன்னேன். "தப்பு என்னோடதுதான். வேணும்னு பண்ணலை. ஆனா பண்ணது நான்தான்."

அவர் முகம் இளகவில்லை. "இப்ப சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு. ஆனா தலைவர் ஒத்துக்கணும். அவருக்குப் பழசுதான் பிடிச்சிருக்கு. நீங்களும் வாங்க."

கூட்ட அறையில் நாங்கள் நாலு பேர். தலைவர், அண்ணா, டீச்சர், நான். நான் ஒளிக்காமல் சொன்னேன்: சீட்டு தப்பு, எழுதியது நான், மாற்றிவிட்டேன், இதோ பாருங்கள். சரியான படத்தை ஓட்டினேன்.

தலைவர் பார்த்தார். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. "அப்ப நான் பாத்துக்கிட்டிருந்தது உங்க தப்பாலதான் அப்படி இருந்ததுன்னு சொல்றீங்க."

"ஆமா சார்."

"நல்ல தப்பும்மா அது! அப்படியே விட்டுடுங்க. நான் அதைத்தான் பாத்து ஓகே பண்ணியிருக்கேன்."

தப்பை ஒத்துக்கொண்டவளுக்கு ஒரு திட்டு விழும் என்று எதிர்பார்த்திருந்தேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். பாராட்டுவார் என்று எதிர்பார்க்கவில்லை. உடம்பு கூசியது. டீச்சர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் சாக்பீஸ் தூள் இருந்தது.

"சரி சார். பழசையே கடைசி வரைக்கும் ஒரு தடவை பாத்துடுங்க" என்றேன்.

ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் தலைவர் தோன்றிப் பிள்ளைகளுக்கு வாழ்த்துச் சொல்லுவார். அரை நிமிஷம். யாரும் கேட்கவில்லை, அவராகச் சேர்த்துக்கொண்டது. ஆனால் எந்தப் பாகத்தையும் அவர் முடிவு வரை உட்கார்ந்து பார்த்ததில்லை. பத்து நிமிஷத்தில் போன் வந்துவிடும், 'ஓகே' என்று கையை ஆட்டிவிட்டு எழுந்து போய்விடுவார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரிதான்.

பழைய ஃபைலை ஓட்டினேன். தலைவர் வந்தார். அவர் நல்ல சிவப்பு. அந்தச் சிவந்த முகம் மங்கி, சோகை பிடித்து, வெந்நீரில் ஊறின விரல் மாதிரி இருந்தது. பளிச்சென்று இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை கந்தலாகத் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் மேலே தலைமுடி. வாரம் தவறாமல் மை பூசும் முடி சாம்பல் பூத்துக் கிடந்தது.

"என்ன இது?" என்றார். எழுந்து டிவியின் பக்கத்தில் போய் நின்றார். "எனக்கு என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"டீச்சருக்கு என்ன பண்ணிச்சோ அதேதான் சார். இருட்டா இருக்கறதை வெளுத்துடும், வெளிச்சமா இருக்கறதை மங்க வெச்சுடும்."

"இதை மாத்துங்க. உடனே மாத்துங்க. அவங்க வர்ற இடத்தை விட்டுடுங்க, என் பகுதியை மட்டும் சரி பண்ணுங்க."

"முடியாது சார். ஃபைலுக்கு ஒரே சீட்டுதான். போட்டா எல்லாருக்கும், எடுத்தா எல்லாருக்கும். உங்களுக்கு ஒண்ணு அவங்களுக்கு ஒண்ணு கிடையாது."

அண்ணா தலையாட்டினார். தலைவர் என்னையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் மனசுக்குள் ஓடியதெல்லாம் முகத்தில் தெரிந்தது. கடைசியில் வழி கண்டுபிடித்துவிட்டார்.

"சரி, சீட்டை மாத்திடுங்க. அதுக்கப்புறம் அவங்க முகத்தை மட்டும் கையால தனியா பளிச்சுனு தூக்கிடுங்க. உங்களால முடியும்ல?"

முடியும். அதுதான் அசிங்கம். ஒரு முகத்தைச் சுற்றிக் கோடு போட்டு அதை மட்டும் வெளுக்க எனக்குப் பத்து நிமிஷம் போதும். இதுவரை ஒரு தப்பின் பின்னால் ஒளிந்துகொண்டிருந்த அவருடைய ஆசை, இப்போது பட்டப்பகலில் வெளியே வந்து நின்றது.

"முடியும் சார். திருத்தச் சீட்டு எழுதிக் குடுங்க" என்றேன்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. முடிந்த படத்தில் யார் என்ன மாற்றம் கேட்டாலும் ஒரு தாளில் எழுத வேண்டும்: எந்த நிமிஷம், எந்த நொடி, என்ன மாற்றம், என்ன காரணம். கேட்டவர் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் யாரோ சொல்லி யாரோ மாற்றி ஒரு படம் குளறுபடியானபோது, கத்தோ கத்தென்று கத்தி இந்த விதியைக் கொண்டுவந்தவர் தலைவர்தான்.

அவர் அண்ணாவிடம் தாளை நீட்டினார். "நீ எழுதுப்பா."

"கேக்கறவங்கதான் எழுதணும் சார்" என்றார் அண்ணா. அன்றைய கணக்குக்கு அவருடைய ஒரே வாக்கியம். அதைச் சரியான இடத்தில் செலவழித்தார்.

தலைவர் பேனாவைத் திறந்தார். நேரத்தைக் கேட்டார், சொன்னேன், எழுதினார். மாற்றம் என்ற கட்டத்தில் 'டீச்சர் முகம்' என்று எழுதினார். ஒரு சின்னக் கோடு போட்டார். பேனா நின்றுவிட்டது.

டீச்சர் எழுந்தார். வகுப்பில் நடக்கிற மாதிரி மேஜையைச் சுற்றி நிதானமாக நடந்து போய்த் தலைவரின் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"எழுத வரலையா சார்? நான் சொல்றேன், நீங்க எழுதுங்க" என்றார். பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதுதல் போடுகிற குரல். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் இடம் விட்டு, தெளிவாக. "டீச்சர்... முகம்... கறுப்பாக... இருக்கிறது. எழுதிட்டீங்களா? பிள்ளைகள்... பார்ப்பதற்கு... அது... பொருத்தமாக... இல்லை."

தலைவரின் காது சிவந்தது. எழுதவில்லை.

"காரணம்கிற கட்டமும் இருக்கு சார். அதுக்கும் சொல்லட்டுமா?"

"உக்காருங்க டீச்சர், அதெல்லாம் வேணாம்" என்றார். பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்து, "அந்தச் சீட்டு மாத்தறதுக்கு எங்க கையெழுத்து போடணும்?" என்று கேட்டார்.

என் தப்புக்கான திருத்தச் சீட்டை நான் காலையிலேயே எழுதி வைத்திருந்தேன். நாலு பாகம், டிரெய்லர், காரணம்: ஏற்றுமதியில் நான் செய்த பிழை. என் கையெழுத்துக்குக் கீழே அவர் போட்டார். போட்டுவிட்டு, "என் முடி சரியா வந்துடும்ல?" என்று மெதுவாகக் கேட்டார்.

நியாயம் ஜெயித்தது என்று யாராவது என்னிடம் சொன்னால் அடிக்க வருவேன். நியாயம் எங்கே ஜெயித்தது? தலைமயிருக்குப் பூசிய மை ஜெயித்தது. அந்த அரை நிமிஷ வாழ்த்தை அவர் சேர்க்காமல் இருந்திருந்தால், டீச்சர் இன்றைக்கும் சாம்பல் பூசிக்கொண்டு ஒளியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். இல்லை, அவர் இடத்தில் வேறு ஒருத்தி பேசிக்கொண்டிருப்பாள்.

தலைவர் போன பிறகு டீச்சர் சரியான படத்தை முழுதாகப் பார்த்தார். முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "டிரெய்லரையும் மாத்திடுவீங்கல்ல? பிள்ளைங்க கேக்கும்" என்றார். அன்று மதியமே பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றினேன். சாயங்காலம் என் அறைக்கு வந்து, முன்பு உட்கார்கிற அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

தலைவர் பாதியில் விட்ட தாள் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. கிழித்துப் போட மனம் வரவில்லை. நேரம் எழுதியிருக்கிறது. 'டீச்சர் முகம்' என்று எழுதியிருக்கிறது. பிறகு ஒரு கோடு, அதற்கப்புறம் வெற்றிடம். அங்கே என்ன வரும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். டீச்சருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.